டிராக்டர் பின்சக்கரத்துக்கு நைலான் டயரா, ரேடியல் டயரா? டியூப் தேவையா?

டிராக்டரின் பின்சக்கர டயர் தேய்ந்து கடைக்குப் போனால் கடைக்காரர் இரண்டு கேள்விகள் கேட்பார். நைலானா, ரேடியலா? டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா? ரேடியலின் விலை கூடுதல். அந்தக் கூடுதல் பணம் எந்த வேலையில் திரும்பி வரும், எந்த வேலையில் வராது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை. நம் ஊர்களில் பரவலாக ஓடும் 40 முதல் 45 குதிரைத்திறன் கொண்ட, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டரை வைத்து இதைப் பார்ப்போம்.

டயரின் எழுத்தைப் படிப்பது எப்படி?

இந்த டிராக்டர்களில் பின்பக்கம் பெரும்பாலும் 13.6-28 என்ற அளவு டயர் இருக்கும். 13.6 என்பது டயரின் அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. நடுவில் சிறு கோடு இருந்தால் அது கிராஸ் பிளை டயர். கடைகளில் நைலான் டயர் என்று சொல்வது இதைத்தான். கோட்டுக்குப் பதிலாக 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல். இதே அளவுள்ள ரேடியல் டயரில் 340/85 ஆர் 28 என்றும் அச்சிட்டிருப்பார்கள். 340 என்பது மில்லிமீட்டரில் அகலம். 'டியூப்லெஸ்' என்றோ 'டியூப் டைப்' என்றோ டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

12 பி.ஆர். போன்ற எண் டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான குறியீடு. உள்ளே 12 அடுக்கு நூல் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

உள்ளே என்ன வித்தியாசம்?

நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே சாய்வாகப் போடப்பட்டிருக்கும். கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல ஒன்றை ஒன்று வெட்டிச் செல்லும். அடிப்பகுதிக்கும் பக்கச் சுவருக்கும் அதே அடுக்குகள்தான். அதனால் பக்கச் சுவர் வளைந்தால் மண்ணில் படும் அடிப்பகுதியும் சேர்ந்து அசையும். பக்கச் சுவர் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும்.

ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். அடிப்பகுதியில் மட்டும் டயரைச் சுற்றித் தனியாகப் பட்டை அடுக்குகள் இருக்கும். ஆகவே பக்கச் சுவர் நன்றாக வளைந்து கொடுக்கும், அடிப்பகுதி தட்டையாகவே மண்ணில் படியும். மண்ணைத் தொடும் தடம் நீளமாகிறது. கவ்வும் ரப்பர் பட்டைகள் ஒரே நேரத்தில் கூடுதலாக மண்ணில் ஊன்றுகின்றன. இழுவையின்போது சக்கரம் வழுக்குவது குறைகிறது. தார்ச்சாலையில் ஓடும்போதும் அடிப்பகுதி அதிகம் நெளியாததால் தேய்மானம் குறைவு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வளைந்து கொடுக்கும் பக்கச் சுவர் மெல்லியது. கருவேல மரம் வெட்டிய அடிக்கட்டை, கூர்மையான கல் போன்றவை பக்கவாட்டில் குத்தினால் ரேடியல் எளிதில் கிழியும். பக்கச் சுவரில் நூல் அறுந்துவிட்டால் நம்பகமாக ஒட்ட முடியாது.

உங்களுக்கு ரேடியல் வேண்டுமா? வழுக்கலை அளந்து பாருங்கள்

ரேடியலின் முதன்மையான லாபம் வழுக்கல் குறைவதுதான். எனவே உங்கள் டிராக்டர் இப்போது எவ்வளவு வழுக்குகிறது என்று முதலில் அளக்க வேண்டும். ஒரு டேப்பும் சாக்பீஸும் போதும்.

பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உழப்போகும் நிலத்திலேயே கலப்பையைத் தூக்கிய நிலையில் உழவு கியரில் ஓட்டச் சொல்லுங்கள். கோடு கீழே வரும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, சக்கரம் 10 சுற்று முடிக்கும் இடத்தில் இன்னொரு குச்சி நடுங்கள். பிறகு அதே நிலத்தில், அதே கியரில் கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி உழுதுகொண்டே 10 சுற்று தூரத்தைக் குறியுங்கள். குச்சி நடுபவர் கலப்பையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கலப்பை தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கு 39 மீட்டர். உழும்போது 10 சுற்றுக்கு 31 மீட்டர் 20 சென்டிமீட்டர். குறைந்த தூரம் 7 மீட்டர் 80 சென்டிமீட்டர். அதை 39 மீட்டரால் வகுத்தால் 20 சதவீதம் வழுக்கல். அதாவது ஐந்து சுற்றில் ஒரு சுற்று மண்ணைச் சுரண்டுவதிலேயே போகிறது. அந்தச் சுற்றுக்கும் டீசல் எரிகிறது, ரப்பரும் தேய்கிறது.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டருக்கு உலர்ந்த நிலத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது சரியான அளவு. 20 வந்துவிட்டது என்றதும் ரேடியல் வாங்க ஓட வேண்டாம். முதலில் டயர் மொட்டையாகிவிட்டதா, காற்று அளவுக்கு மேல் இருக்கிறதா, பின்சக்கரத்தில் எடை போதுமா, கலப்பை டிராக்டரின் சக்திக்கு மீறியதா என்று பாருங்கள். இவற்றைச் சரிசெய்து மீண்டும் அளந்தும் 15-க்கு மேல் நின்றால், அதுவும் ஆண்டில் பெரும்பகுதி உலர் உழவும் சாலை ஓட்டமும் என்றால், ரேடியலுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. இப்போதே 10, 12 சதவீதம்தான் வழுக்குகிறது என்றால் ரேடியலால் கிடைப்பது கொஞ்சமே.

நெல் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்வதே முக்கிய வேலை என்றால் நைலான் டயரே போதும். சேற்றில் இழுவையைத் தருவது கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள். ரேடியலின் நீண்ட தடத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. புதிதாகக் காடு திருத்திய நிலம், கற்கள் நிறைந்த நிலம் என்றாலும் நைலானின் தடித்த பக்கச் சுவரே பாதுகாப்பு.

ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று ஒருபோதும் போடக்கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் என்றால் முன், பின் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன், பின் சக்கரங்கள் ஒரு சுற்றில் ஓடும் தூரத்துக்குக் கம்பெனி ஒரு கணக்கு வைத்தே கியரை அமைத்திருக்கும். பின்னால் மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு தவறி, முன் அச்சின் கியர்கள் பாதிக்கப்படும்.

காற்று: அதிகம் நடக்கும் தவறு

ரேடியல் டயர் சரியான காற்றில் இருக்கும்போதே பக்கவாட்டில் உப்பித் தெரியும். பார்ப்பவர்களுக்குக் காற்று இறங்கியது போலத் தோன்றும். பஞ்சர் கடையில் கண்ணால் பார்த்து, நைலான் டயர் போல விறைப்பாக ஏற்றிவிடுவார்கள். உடனே டயரின் நடுப்பகுதி மட்டும் மண்ணில் படும், தடம் சுருங்கும், வழுக்கல் பழையபடி வந்துவிடும். கூடுதல் விலை கொடுத்ததன் பயன் அங்கேயே போய்விடுகிறது. காற்றைக் கேஜ் வைத்து, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போதே பாருங்கள். எத்தனை பவுண்டு என்பது டிராக்டர் கையேட்டிலும் டயர் கம்பெனி அட்டவணையிலும் இருக்கும். உழவுக்கு ஓர் அளவு, பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சாலையில் இழுக்க அதைவிடக் கூடுதலான அளவு.

எடைக்காக டயரில் தண்ணீர் நிரப்பும் வழக்கம் நைலான் டயருக்குப் பொருந்தும். பொதுவாக முக்கால் அளவு வரை நிரப்புவார்கள். ரேடியலில் அப்படி நிரப்பினால் பக்கச் சுவர் வளைந்து கொடுக்காது. அதற்கு இரும்பு எடைகளை மாட்டுவதே நல்லது.

டியூபா, டியூப்லெஸ்ஸா?

டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காற்று கசியாத தனி ரப்பர் பூச்சு இருக்கும். டயரின் விளிம்பு ரிம்மில் இறுக்கமாக அமர்வதால் காற்று நிற்கிறது. முள்ளோ ஆணியோ ஏறினால் அது துளையிலேயே அடைத்து நிற்க, காற்று மெதுவாகத்தான் இறங்கும். டியூப் டயரில் முள் ஏறினால் டியூபிலிருந்து வெளியேறும் காற்று வால்வு ஓட்டை வழியாகவும் விளிம்பு வழியாகவும் சீக்கிரம் போய்விடும்.

டியூப் டயரில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று குறைவாக இருக்கும்போது அதிக பாரம் இழுத்தால் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும். டியூபும் கூடவே நகர, வால்வு ரிம் ஓட்டையில் சிக்கி வேரோடு பிய்ந்துவிடும். வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதே இதற்கு அடையாளம். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் அடித்து வைத்தால், கோடு விலகியதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ரேடியலைக் குறைந்த காற்றில் ஓட்டுவதால், அதற்கு டியூப்லெஸ் நல்ல துணை.

டியூப்லெஸ் போட ரிம் தகுதியாக இருக்க வேண்டும். டயர் விளிம்பு அமரும் இடத்தில் துருவோ, பள்ளமோ, வளைவோ இருந்தால் காற்று நிற்காது. வெல்டிங் கோடு கசியக்கூடாது. வால்வு ஓட்டை டியூப்லெஸ் வால்வுக்குப் பொருந்த வேண்டும். பழைய ரிம்மை வயர் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து, காற்று ஏற்றிய பின் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடமே கசிவு. டிரெய்லர் சக்கரங்களில் வருவது போலத் தனி வளையம் மாட்டிய ரிம்மில் டியூப்லெஸ் நிற்காது, டியூபும் பிளாப்பும் கட்டாயம்.

டியூப் டைப் டயரில் டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ்ஸாக ஓட்டக் கூடாது. உட்பூச்சு இல்லாததால் காற்று நூல் அடுக்குகளுக்குள் புகுந்து டயரைப் பிரித்துவிடும். டியூப்லெஸ் டயருக்குள் தற்காலிகமாக டியூப் போடலாம். ஆனால் குத்திய முள்ளை எடுத்துவிட்டு, ரேடியலுக்கு உரிய டியூபையே போட வேண்டும்.

மாட்டும்போது உயிர் முக்கியம்

புதிய டயரை ரிம்மில் மாட்டும்போது விளிம்பு சரியாக அமரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள். பின்சக்கர டயரில் விளிம்பை அமர்த்த 35 பவுண்டுக்கு மேல் ஏற்றவே கூடாது. அதற்கு மேல் போனால் விளிம்பில் உள்ள கம்பி வளையம் அறுந்து டயர் வெடிக்கும். அருகில் குனிந்து நிற்பவர் உயிரே போகலாம். அமரவில்லை என்றால் காற்றை முழுவதும் இறக்கி, டயரைத் திருப்பி, சோப்பு நீர் தடவி மீண்டும் முயல வேண்டும். பெட்ரோலோ ஸ்பிரேயோ ஊற்றித் தீ வைத்து விளிம்பை அமர்த்தும் வித்தையை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். காற்று ஏறும்போது வால்வில் தானாகக் கவ்வி நிற்கும் கிளிப்பும் நீளமான குழாயும் இருக்கட்டும், ஆள் டயருக்கு நேரே நிற்காமல் தள்ளி நிற்கட்டும்.