ரஜ்ஜுவும் நாடியும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பொருத்தக் கணிப்பும் பார்னம் விளைவும்

திருமணப் பொருத்தக் கணிப்பு யாருக்குச் சொன்னாலும் சரியாக அமைந்துவிடுவதற்குக் கேட்பவரின் ஏமாளித்தனமே காரணம் என்னும் விளக்கம் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரரின் சோதனையிலிருந்து கிளைத்ததாகும். அவர் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தி, கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்த 13 வாக்கியங்களைத் தனித்தனி முடிவு போல எல்லோருக்கும் ஒரே மாதிரி வழங்கியபோது, மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தனர். இச்சோதனையின் ஆண்டு சில நூல்களில் 1948 என்றும் சிலவற்றில் 1949 என்றும் காணப்படுவதற்கு, சோதனை நடந்த ஆண்டும் கட்டுரை வெளிவந்த ஆண்டும் கலந்துபோனதே காரணமாகலாம். எவருக்கும் பொருந்தும் பொதுக்கூற்றைத் தனக்கே உரியதாக ஒருவர் ஏற்றுக்கொள்ளும் இந்நிகழ்வுக்கு, சர்க்கஸ் நடத்திய பார்னமின் பெயர் 1956இல் பால் மீலின் கட்டுரை வழியாக நிலைத்தது.

ஃபோரரின் தரவில் குறையில்லை. குறை அவர் அதிலிருந்து எடுத்த முடிவில் இருக்கிறது. தம் கட்டுரைத் தலைப்பிலேயே ஏமாளித்தனம் என்ற சொல்லை வைத்து அவர் பழியைக் கேட்பவர் மேல் போட்டார். ஆனால் அவருடைய மாணவர் தனி ஆள். படித்த கையோடு மதிப்பெண் இட்டவர். தம்பதியின் நிலை வேறு. ‘ஒருவர் சினந்தாலும் மற்றவர் விட்டுக்கொடுப்பார்’ என்னும் கூற்று கணவன் விட்டுக்கொடுத்தாலும் மனைவி விட்டுக்கொடுத்தாலும் பலித்ததாகிவிடுவதால், தனி ஆளைப் பற்றிய கூற்றைவிட அது மெய்யாவதற்கு இரு மடங்கு வழியுண்டு. மேலும் சோதிடர் பொதுப்படப் பேசுவதோடு நிற்பதில்லை. பொருந்தும், பொருந்தாது என்று கறாராகவே தீர்ப்பு சொல்கிறார். அந்தத் தீர்ப்பும் ஏன் பலித்ததாகத் தோன்றுகிறது என்பதற்கு ஃபோரரிடம் விடையில்லை.

அவ்விடையைத் தேட ஏற்ற இடம் சித்தூர், திருப்பதி வட்டாரம். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கும் பத்துப் பொருத்தமும், தெலுங்குப் பஞ்சாங்கங்கள் காட்டும் 36 மதிப்பெண் குணமேளனமும் அக்கம்பக்கமாக வழங்குகின்றன.

பெண் ரோகிணி, ஆண் அஸ்தம் என்று வைத்துக்கொண்டால், தமிழ் முறையில் முதலில் பார்க்கப்படுவது ரஜ்ஜு. நட்சத்திரங்களைப் பாதம், தொடை, உந்தி, கழுத்து, சிரசு என ஐந்தாகப் பிரிக்கும் இப்பொருத்தத்தில் இருவரும் ஒரே பிரிவில் வரக்கூடாது. இவ்விரண்டுமோ கழுத்து ரஜ்ஜு. பெண்ணுக்கு ஆகாது என்று தள்ளப்படும். ஏறுமுகம், இறங்குமுகம் என்று பிரித்து விலக்குத் தரும் பாடம் ஒன்று உண்டு. அது ரோகிணியையும் திருவாதிரையையும் சேர்த்துவைக்கும், ஆனால் ரோகிணியும் அஸ்தமும் இரண்டுமே ஏறுமுகமாதலால் இங்கே கைகொடுக்காது. அதே ஜோடியைக் குணமேளனத்தில் வைத்தால், நாடி வேறுபடுவதால் 8, ராசிநாதர்களான சுக்கிரனும் புதனும் நட்பாதலால் 5, தாரைக்கு 3, கணத்துக்குக் குறைந்தது 5 என இந்நான்கிலேயே 21 சேர்ந்து, தேறுவதற்கு வேண்டிய 18ஐக் கடந்துவிடுகிறது.

ஒரு வீதியில் தள்ளப்படும் நட்சத்திர ஜோடி அடுத்த வீதியில் மணமேடை ஏறுகிறது. ஆயினும் இரு வீதியாரும் தத்தம் முறை தவறியதில்லை என்கின்றனர். கொண்ட கருத்துக்குச் சாதகமானதையே தேடி நினைவில் வைக்கும் உறுதிப்படுத்தல் சாய்வு இங்கே இரு படிகளில் வேலை செய்கிறது. பத்தில் ஏழு பொருந்தி மணமான பின் சண்டை வந்தால் பொருந்தாத மூன்றும், நல்லது நடந்தால் பொருந்திய ஏழும் நினைவுக்கு வருகின்றன. இதனினும் வலியது மற்றொன்று: தள்ளப்பட்ட ஜோடி மணப்பதே இல்லை என்பதால், சோதிடரின் ‘ஆகாது’ என்னும் சொல்லைப் பொய்யாக்க ஆளே இல்லாமற்போகிறது. பொருந்தி வாழ்ந்தவர், பொருந்தியும் பிரிந்தவர், பொருந்தாமலே வாழ்ந்தவர், பொருந்தாமல் பிரிந்தவர் என நான்கு கட்டங்களையும் நிரப்பினால்தான் கணிப்பை எடைபோட முடியும். ஊரார் கண்ணில் படுவனவோ பெரும்பாலும் முதல் இரண்டு. அவற்றிலும் பிரிவு நேர்ந்தால் பிறந்த நேரம் தவறு என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. படித்தவரும் இதில் விழுவதற்கு ஏமாளித்தனம் தேவையில்லை. கட்டங்கள் காலியாக இருந்தாலே போதும்.

நான்கு கட்டங்களுக்கு ஓரளவு ஈடான தரவைக் கையாண்டவர் டேவிட் வோவாஸ். இங்கிலாந்து, வேல்சின் 2001 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடித் தம்பதிகளை எடுத்து ஆராய்ந்த அவருக்கு, எந்த ராசியினரும் குறிப்பிட்ட ராசியினரைத் தேடி மணந்ததற்கோ சேர்ந்து நிலைத்ததற்கோ சான்று கிடைக்கவில்லை. ஆனால் அவர் கொண்டது சூரிய ராசி. சந்திரன் நின்ற நட்சத்திரத்தைக் கொண்டு பார்க்கும் ரஜ்ஜுவையும் நாடியையும் அம்முடிவு நேராகத் தொடுவதாகக் கொள்வது மிகை. இந்தியக் கணக்கெடுப்பு நட்சத்திரம் கேட்பதில்லை. ஜாதகம் திருப்பி அனுப்பப்பட்டதோடு முடிந்துபோன சம்பந்தங்கள் அதில் ஏறுவதுமில்லை.