ஒன்றோ, இரண்டோ?

இறைவனை நினைந்து நினைந்து உருகிய அடியவர், முடிவில் அவனோடு கலந்தனர் என்று சமய நூல்கள் பலவும் கூறுகின்றன. கலந்தனர் என்ற சொல் கேட்பதற்கு இனியது. ஆராயப் புகுந்தாலோ இடர் தருவது. கலந்த பின்னர் அங்கே நிற்பது ஒன்றோ, இரண்டோ? ஒன்றுதான் என்றால், வழிபட்டவன் எங்கே போனான்? இரண்டுதான் என்றால், கலந்தனர் என்பதற்குப் பொருள் என்ன?

இஸ்லாத்தின் சூஃபி நெறியும், கிறிஸ்தவத்தின் தியான நெறியும், தமிழ்நாட்டுப் பக்தி நெறியும் இக்கேள்வியைத் தனித்தனியே எதிர்கொண்டன. மூன்றும் அதற்கு விடை கூற உவமைகளையே துணைக்கொண்டன. அனுபவித்ததை உள்ளபடி சொல்லச் சொற்கள் போதாதபோது உவமை வருகின்றது. ஆனால் உவமை பிழைபட்டால் விளைவும் பெரிதாகின்றது. இவ்வுரையில் மூன்று நெறிகளின் உவமைகளையும் முறையே எடுத்துக்கொண்டு, அவை எங்கே ஒத்து நிற்கின்றன, எங்கே பிரிகின்றன என்று காண்போம்.

1. பாக்தாது: கண்ணாடியும் கிண்ணமும்

அல்-ஹல்லாஜ் என்பவர் பாரசீகத்தில் 858ஆம் ஆண்டளவில் பிறந்தவர். ஹல்லாஜ் என்னும் சொல்லுக்குப் பஞ்சு கொட்டுபவர் என்பது பொருள். அவர் பரவச நிலையில், “நானே மெய்ப்பொருள்” என்னும் கருத்துப்பட ஒரு வாசகம் கூறினார் என்பர். இறைவன் ஒருவனே என்பது இஸ்லாத்தின் அடிப்படை. அங்கே மனிதன் ஒருவன் இவ்வாறு பேசுவது பலருக்குத் திடுக்கிடும் செய்தியாயிற்று. பல்லாண்டுகள் சிறையிலிருந்த அவர், 922ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாக்தாது நகரில் கொல்லப்பட்டார்.

இந்த ஒரு வாசகத்திற்காகவே அவர் உயிரிழந்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. சரித்திரம் அத்துணை எளிதன்று. ஹஜ் யாத்திரை செல்ல இயலாதவன் தன் இல்லத்திலேயே சில சடங்குகளைச் செய்து அக்கடமையை நிறைவேற்றலாம் என்று அவர் கூறியதாகச் சாட்டப்பட்ட குற்றமே தீர்ப்புக்கு அடியாக அமைந்தது. கலீபாவின் அவையிலிருந்த அரசியல் பூசல்களும், கலகக் கூட்டத்தாரைப் பற்றிய அச்சமும் அதற்குப் பின்னணியாக இருந்தன. ஆயினும் பிற்காலத்தார் நினைவில் நின்றது அந்த வாசகமே. அதற்கு என்ன பொருள் கொள்வது என்ற கேள்வி சூஃபியரைத் தொடர்ந்து வந்தது.

அக்கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து விடை கூறியவர் இமாம் கஸ்ஸாலி. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த இப்பேரறிஞர், சட்டமும் தத்துவமும் கற்றுத் தெளிந்த பின்னர்ச் சூஃபி நெறியில் நின்றவர். கண்ணாடியையே கண்டறியாத ஒருவன், திடீரென அதை நோக்குகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தெரியும் உருவம் கண்ணாடியின் உருவமே என்று அவன் எண்ணுவான். அவ்வாறே தெளிந்த கிண்ணத்தில் மதுவைக் காண்பவன், அந்நிறம் கிண்ணத்தின் நிறம் என்று மயங்குவான். பரவச நிலையில் தன்னை மறந்தவன் நிலையும் இத்தகையதே என்கிறார் கஸ்ஸாலி. கிண்ணத்தை மது போலக் காண்பது வேறு. கிண்ணமே மது என்பது வேறு. மயக்கம் தெளிந்து அறிவு திரும்பும்போது, நேர்ந்தது ஒன்றாதல் அன்று, ஒன்றாதல் போன்றதே என்பது புலனாகும்.

இந்தியாவில் 1564 முதல் 1624 வரை வாழ்ந்த ஷெய்கு அகமது சர்ஹிந்தி இதனையே மற்றோர் உவமையால் விளக்கினார். பகலில் கதிரவன் ஒளியில் விண்மீன்கள் தோன்றுவதில்லை. அதனால் விண்மீன்கள் இல்லாமற் போயினவா? இல்லை. காண்பவன் கண்ணுக்கு ஒன்றே தெரிகின்றது, உள்ளவையோ பல. ஒருமை என்பது காட்சியில் நிகழ்வது, பொருளில் நிகழ்வதன்று என்பதே அவர் கருத்து.

2. ஐரோப்பா: இரும்பும் அப்பமும்

கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களிலும் இதே கேள்வி எழுந்தது. 1090 முதல் 1153 வரை வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி கிளேர்வோ நகரத்துப் பெர்னார்டு, இறையன்பைப் பற்றிய தம் நூலில் மூன்று உவமைகளை அடுக்கினார். மிகுந்த மதுவில் விழுந்த ஒரு துளி நீர், தன் சுவையும் நிறமும் இழந்ததுபோலத் தோன்றுகின்றது. உலையிலிட்ட இரும்பு செந்நிறம் கொண்டு நெருப்பே போல் ஆகின்றது. கதிரொளி பாய்ந்த காற்று, ஒளியே ஆனது போல் விளங்குகின்றது. இவ்வளவும் சொல்லிவிட்டு, உயிரின் சொந்தப் பொருள்தன்மை அழியாது, வேறொரு மேனியோடு நிலைபெறும் என்று அவர் கவனமாகச் சேர்த்துக் கூறினார். இரும்பு பழுக்கும், ஆயினும் இரும்பாகவே இருக்கும். உயிரின் விருப்பம் இறைவன் விருப்பத்தில் கரைகின்றது; உயிர் கரைவதில்லை.

இனி, ஜெர்மனியைச் சேர்ந்த எக்கார்ட்டின் கதையைக் காண்க. அவர் பாரிஸ் நகரில் இறையியல் கற்பித்த பேராசிரியர்; பாமரர்க்கும் விளங்கும்படி ஜெர்மன் மொழியில் சொற்பொழிவாற்றியவர். 1326ஆம் ஆண்டில் கொலோன் நகரப் பேராயர் அவர்மீது விசாரணை தொடங்கினார். அவர் போப்பாண்டவரிடம் முறையிட்டார். தீர்ப்பு வருமுன்னரே உயிர் நீத்தார். 1329ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் போப்பாண்டவர் 22ஆம் யோவான் வெளியிட்ட ஆணை, எக்கார்ட்டுடையவை எனப்பட்ட 28 கருத்துகளைக் குறை கூறியது. அவற்றுள் 17 திருச்சபைக் கொள்கைக்கு முரணானவை என்றும், 11 செவிக்குத் தீயனவாகத் தோன்றினும் தக்க விளக்கத்தோடு ஏற்கக்கூடியவை என்றும் பிரிக்கப்பட்டன.

கண்டிக்கப்பட்ட கருத்துகளுள் ஓர் உவமையும் இருந்தது. திருப்பலியில் அப்பம் கிறிஸ்துவின் திருவுடலாக மாறுவதுபோல, நாமும் இறைவனாகவே மாற்றப்படுகின்றோம் என்பது அது. பெர்னார்டின் இரும்பையும் எக்கார்ட்டின் அப்பத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் உயிர் இறைவனோடு கலப்பதையே பேசுகின்றன. எனினும் ஒன்று போற்றப்பட்டது, மற்றொன்று கண்டிக்கப்பட்டது. ஏன்? நெருப்பில் இட்ட பின்னும் இரும்பின் பொருள்தன்மை நிற்கின்றது. திருச்சபைக் கொள்கையின்படி, திருப்பலியில் அப்பத்தின் தோற்றம் மட்டுமே எஞ்சுகின்றது. அப்பத்தின் பொருள்தன்மை எஞ்சுவதில்லை. ஆகவே அந்த உவமையைச் சொல்லுக்குச் சொல் பொருத்தினால், மனித உயிர் எஞ்சாது போகும். படைத்தவனுக்கும் படைக்கப்பட்டதற்கும் இடையே உள்ள வேறுபாடே மறையும். சபையார் அஞ்சியது இதற்கே.

இந்த அச்சத்தை நன்கு அறிந்து எழுதியவர் ஸ்பெயின் நாட்டு அவிலா நகரத் தெரேசாள் அம்மையார். அவர்தம் வாழ்க்கை வரலாற்று நூல் சமய விசாரணை மன்றத்தின் கையில் இருந்த காலத்தில், 1577ஆம் ஆண்டில், உயிரை ஏழு அடுக்கு உறையுள்கள் கொண்ட கோட்டையாக உருவகித்து மற்றொரு நூல் எழுதினார். அதில் கலப்பின் இரு படிகளுக்கு இரு உவமைகள் தந்தார். இரு மெழுகுவத்திகளின் சுடர்களைச் சேர்த்தால் ஒரு சுடராகும். ஆனால் பிரித்தால் மீண்டும் இரண்டாகும். இது முந்திய படி. வானத்து மழை ஆற்றில் விழுந்த பின்னர், ஆற்று நீர் எது, மழை நீர் எது என்று பிரித்தறிய இயலாது. இது முடிந்த படி. இங்கே அவர் கருதியது, அந்தக் கலப்பு இனிப் பிரியாது என்பதனையே. ஏழாம் உறையுளை அடைந்தவரும் வேலை செய்ய வேண்டும், பிறர்க்கு உதவ வேண்டும் என்று அதே நூலில் அவர் வற்புறுத்துகின்றார். செயல் செய்ய ஓர் உயிர் எஞ்சியிருந்தாலன்றோ அது கூடும்?

3. தமிழ்நாடு: ஓர் இலக்கணப் புணர்ச்சி

தமிழ்நாட்டில் பாடல் முந்தியது, சாத்திரம் பிந்தியது. ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் தலங்கள்தோறும் சென்று பாடினர். அவ்வனுபவத்தை முறைப்படுத்திய சைவ சித்தாந்த நூல்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரிடம் தெளிவான வடிவம் பெற்றன. அவருடைய சிவஞான போதம் 12 சூத்திரங்களே உடையது. அந்த மரபில் வந்த உமாபதி சிவம், பதினான்காம் நூற்றாண்டில் திருவருட்பயன் என்னும் 100 குறட்பாக்களைக் கொண்ட நூலை இயற்றினார்.

அந்நூலில் முத்தி நிலைக்கு உமாபதி சிவம் எடுத்த உவமை வேறெங்கும் காண்பதற்கரியது. அது நம் இலக்கண வகுப்பிலிருந்து வந்தது. தாள், தலை என்னும் இரு சொற்களைச் சேர்த்தால் என்ன ஆகும்? தாடலை என்று ஆகும். ளகர மெய்யும் தகர மெய்யும் மறைந்து, டகரம் ஒன்றே நிற்கும். தாள் என்பது இறைவன் திருவடி. தலை என்பது அதனை வணங்கும் உயிரின் தலை. தாடலை என்று ஒலிக்கும்போது செவிக்கு ஒரு சொல்லே கேட்கின்றது. எனினும் பொருள் உணர்பவனுக்கு அங்கே இரண்டு உண்டு. முதலிலிருந்தே ஒரே சொல்லாயிருந்தால் புணர்ச்சி என்பதே இல்லை. இரண்டும் தனித்தனியே நின்றுவிட்டாலும் புணர்ச்சி இல்லை. ஆகவே கூடும் இன்பம் உண்டாவதற்கு இரண்டும் வேண்டும். கூடிய பின்னர் இரண்டெனப் பிரித்துக் காட்டவும் இயலாது. அத்துவிதம் என்னும் சொல்லுக்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்ளாது, ‘இரண்டன்மை’ என்று சைவ சித்தாந்திகள் பொருள் கொண்டதன் காரணம் இதனால் விளங்கும்.

4. ஒப்புமையின் எல்லை

மூன்று நெறிகளையும் பார்த்தோம். கஸ்ஸாலியும், பெர்னார்டும், உமாபதி சிவமும் ஒரே கருத்தைச் சொன்னார்கள் என்று முடித்துவிடலாமா? அது அவசர முடிவாகும். உவமைகள் ஒத்திருப்பதால் கொள்கைகள் ஒத்துவிடா.

சூஃபிக்கும் கிறிஸ்தவத் துறவிக்கும் உயிர் என்பது இறைவனால் படைக்கப்பட்டது. ஒரு காலத்தில் அது இல்லை. அவன் அருளால் உண்டாயிற்று. கலப்பிலும் அது படைக்கப்பட்ட பொருளாகவே நிற்கும். சைவ சித்தாந்திக்கோ இறைவன், உயிர், பாசம் என்னும் மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. உயிரை யாரும் படைக்கவில்லை. ஆகவே அது முத்தியில் எஞ்சி நிற்பதும் இயல்பே. உயிரை மறைக்கும் ஆணவ மலமும் அங்கே அடியோடு அழிவதில்லை. ஒளி முன் இருள் போல வலி கெட்டு நிற்கின்றது. மூவரும் ‘உயிர் எஞ்சும்’ என்கின்றனர். அவ்வாறு எஞ்சும் உயிர் யாது என்பதில் வேறுபடுகின்றனர்.

சொற்கள் ஓர் எல்லையைக் கடந்து செல்வதற்கும் தமிழில் சான்று உண்டு. 1838ஆம் ஆண்டில் மறைந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைவனை மனோன்மணி என்னும் காதலியாக அழைத்துப் பாடினார். மனோன்மணி சைவ மரபில் வழங்கிய பெயர். பெயர் அங்கிருந்து வந்தது. பாடியவரோ இஸ்லாமிய நெறி நின்றவர். பெயரை மட்டும் நோக்குவோர் அவரைச் சைவர் என்று மயங்குவர்.

எனவே ஓர் அனுபூதிமானின் உவமையைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த உவமையில் எது மறைகின்றது? எது எஞ்சுகின்றது? எஞ்சுவது எங்கிருந்து வந்தது? முதல் இரு கேள்விகளுக்கும் ஒரே விடை பல நாடுகளில் கிடைக்கக் காண்போம். மூன்றாம் கேள்விக்கு வரும் விடையிலேதான் ஒவ்வொரு சமயமும் தன் தனித்தன்மையைக் காட்டுகின்றது.