அட்டை எதற்குப் பணம் தருகிறது? தமிழ்நாட்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009–2022

தமிழ்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய பேச்சு பெரும்பாலும் உச்சவரம்பைச் சுற்றியே நடக்கிறது. முதலில் ஒரு லட்சம், இன்று ஐந்து லட்சம் என்ற இரண்டு எண்களுக்குள் அதன் வரலாறு முழுவதும் அடங்கிவிடுவதாக நினைக்கிறோம். ஆனால் அட்டையோடு மருத்துவமனைக்குப் போகும் குடும்பம் கடைசியில் தன் கையிலிருந்து எவ்வளவு கட்டுகிறது என்பதை உச்சவரம்பு தீர்மானிப்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அட்டை கிடைத்ததா, அது எந்த மருத்துவமனையில் செல்லும், வந்த நோய்க்கு என்ன ‘பேக்கேஜ்’ வரையறுக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. பதின்மூன்று ஆண்டுகளில் இம்மூன்றும் ஒரே வேகத்தில் மாறவில்லை என்பதையே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

இந்தத் திட்டத்தின் முன்மாதிரி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே 2007 ஏப்ரலில் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ சில மாவட்டங்களில் மட்டும் தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கான பிரீமியத்தை அரசே கட்டும். குடும்பம் பெரிய நோய்க்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பணம் கட்டாமல் சிகிச்சை பெறும். அடுத்த ஆண்டு மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா வேறு வழியில் போனது. அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான். ஆனால் சாதாரணமாக மருத்துவமனையில் சேரும் நோய்களுக்கும் அது செல்லும். அரிதாக வரும் பெருஞ்செலவைத் தாங்குவதா, அடிக்கடி வரும் சிறுசெலவைத் தாங்குவதா என்ற அந்தத் தேர்வில் தமிழ்நாடு ஆந்திரத்தின் பக்கம் நின்றது.

அதற்குக் காரணம் இருந்தது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டதிலிருந்து, ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை மாத்திரைகள் மொத்தமாக வாங்கப்பட்டு இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போக ஓர் இடம் இருந்தது. இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய், சிறுநீரகம் என்று வரும்போதுதான் குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் அடகு வைத்தன. அந்த இடைவெளியை அடைக்கவே 2009 ஜூலை 23 அன்று உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஸ்டார் ஹெல்த் நிறுவனம் காப்பீட்டாளராக இருந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களும் நல வாரிய உறுப்பினர்களும் பயனாளிகள். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டுக்கு ஒரு லட்சம் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பின்னாளில் ஒப்பிடும்போது இது அடிக்கடி மறந்துபோகிறது.

அன்றைய கடுமையான விமர்சனம் மருத்துவமனைப் பட்டியலைப் பற்றியது. பணம் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளுக்கே போனது. அதே அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனைக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அரசு தன் மருத்துவமனையிலிருந்து நோயாளியையும் நிதியையும் சேர்த்தே வெளியே அனுப்புகிறது என்ற அந்த வாதம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. பழைய திட்டம் நிறுத்தப்பட்டு, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா நிறுவனம் காப்பீட்டாளரானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 497 ரூபாய் பிரீமியத்தை அரசு கட்டியது. ஆண்டுக்கு ஒரு லட்சமும், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சமும் வரம்பு. 1,016 சிகிச்சை முறைகளும் 23 பரிசோதனைகளும் பட்டியலில் இடம்பெற்றன.

ஆனால் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் வேறொன்று. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுப் பட்டியலுக்குள் முழுமையாக வந்தன. ஸ்டான்லியிலோ மதுரை ராஜாஜியிலோ அட்டையைக் காட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டால், தனியாருக்குப் போகும் தொகையைப் போலவே அந்த மருத்துவமனைக்கும் காப்பீட்டுத் தொகை வரும். அதில் ஒரு பகுதி சிகிச்சையில் ஈடுபட்ட மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகவும், மறுபகுதி கருவிகளும் பொருள்களும் வாங்கவும் பயன்படும். ஸ்டென்ட்டோ செயற்கை மூட்டோ தீர்ந்துபோனால் அடுத்த நிதியாண்டு வரை காத்திருந்த ஒரு துறைத் தலைவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்த வார்டுகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கல்லீரல், எலும்பு மஜ்ஜை மாற்று, காது நத்தை உள்வைப்பு போன்ற மிக உயர் செலவுச் சிகிச்சைகளுக்கென்று ஒரு தொகுப்பு நிதியும் உருவானது. வரம்பைத் தாண்டும் செலவை அது ஏற்கிறது.

2018-இல் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்ய யோஜனாவோடு மாநிலத் திட்டம் இணைக்கப்பட்டு, வரம்பு ஐந்து லட்சமானது. மத்தியத் திட்டம் 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின்படி குடும்பங்களைத் தேர்ந்தது. தமிழ்நாடு அதைவிடப் பரந்த தன் பட்டியலைக் கைவிடவில்லை. 2022 ஜனவரியில் தொடங்கிய கட்டத்தில் பிரீமியம் 849 ரூபாய், பரிசோதனைகள் 52, சிகிச்சை முறைகள் 1,090, பயனாளிக் குடும்பங்கள் சுமார் 1.37 கோடி.

வருமான வரம்பு மட்டும் 2009 முதல் 2021 முடியும் வரை அசையவே இல்லை. 72,000 ரூபாய் என்பது மாதம் ஆறாயிரம். 2022-இல்தான் அது 1,20,000 ஆனது, மாதம் பத்தாயிரம். ஒரு கட்டடத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 25 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். கணக்கை அப்படியே எழுதினால் இவருக்கு அட்டை கிடையாது. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களைக் கழித்தால் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலர் எதை எழுதுகிறார் என்பதில் எல்லாம் தங்கிவிடுகிறது. நடைமுறையில் பல அலுவலர்கள் மனிதாபிமானத்தோடு எழுதுவதால்தான் மாநிலக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பட்டியலுக்குள் வந்திருக்கிறது. விதியின் கருணையால் வந்தவர்கள் அல்லர் இவர்கள். அதனால் கடுமையான ஓர் அலுவலர் வரும் ஊரில் அதே வருமானமுள்ள குடும்பம் வெளியே நிற்கும்.

முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வருமான வரம்பு இல்லை என்பது இத்திட்டத்தின் மதிக்கத்தக்க ஏற்பாடு. மற்றவர்களுக்கு வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் வேண்டும். இரண்டையும் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். குடும்பம் என்பது பயனாளி, துணைவர், சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைக்கு வேலை கிடைத்தால், திருமணம் ஆனால், அல்லது 25 வயது நிறைந்தால் அவர் வெளியேறுகிறார். 26 வயதில் வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் மகன் பெற்றோரின் அட்டையில் இல்லை என்பது விபத்தன்றுதான் பல வீடுகளுக்குத் தெரியவருகிறது.

இனி, பேக்கேஜ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மேற்சொன்ன தொழிலாளிக்கு நெஞ்சுவலி. அட்டை இருக்கிறது. பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். வெளிநோயாளியாகப் பார்க்கும் கட்டணமும் முதல் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைகளும் பெரும்பாலும் கைக்காசு. அடைப்பு உறுதியானதும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு அட்டை எண்ணைச் சரிபார்த்து, ஆஞ்சியோகிராம் பதிவையும் மருத்துவரின் குறிப்பையும் இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்கும். காப்பீட்டுத் தரப்பு மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ‘அப்ரூவல்’ வரும். பிறகு ஸ்டென்ட், அறுவை அரங்கு, படுக்கை, மருந்து, உணவு எல்லாம் ஒரே தொகைக்குள் அடக்கம். மருத்துவமனையின் தரநிலைக்கு ஏற்ப அத்தொகை கூடும், குறையும். குடும்பத்தின் ஐந்து லட்சத்திலிருந்து கழிவது அந்தப் பேக்கேஜ் தொகை மட்டுமே. மீதியை ரொக்கமாகக் கேட்க முடியாது. அந்த ஆண்டு வீட்டில் வேறு யாருக்காவது பட்டியலிலுள்ள நோய் வந்தால்தான் அது பயன்படும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பேக்கேஜ் தொகை தன் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவமனை நினைத்தால், “திட்டத்தில் வருவது சாதாரண ஸ்டென்ட், நல்லது வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கட்டுங்கள்” என்று சொல்வதுண்டு. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சம் வைத்தபின் அந்தப் பேச்சுக்கு அடிப்படை பெரிதும் குறைந்துவிட்டது. இருந்தும், ஐந்து லட்சத்தில் நாலரை லட்சம் மீதமிருக்கும்போதே குடும்பம் இருபதாயிரம் கடன் வாங்குகிறது. வரம்பை இன்னும் ஐந்து லட்சம் உயர்த்தினாலும் இந்தக் கடன் குறையாது. ரசீது இல்லாமல் கேட்கப்படும் எந்தத் தொகையும் திட்டவிதிக்கு எதிரானது என்பதை அறிந்துகொள்வதே நோயாளியின் முதல் பாதுகாப்பு. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்ல வேண்டியது வீட்டுக்குப் போன பிறகு அல்ல, படுக்கையில் இருக்கும்போதே.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. கட்டணம் சாதகமாக அமைந்த சிகிச்சை தேவையில்லாமலே நடக்கும். ஆந்திரத்திலும், பிறகு சத்தீஸ்கரிலும் பீகாரிலும் இளம்பெண்களின் கருப்பைகள் காப்பீட்டுப் பணத்துக்காக அகற்றப்பட்டதாக எழுந்த புகார்கள் இந்தத் துறையின் மிகத் துயரமான அத்தியாயம். சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கும் முறை அந்த அனுபவத்தோடு தொடர்புடையது.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றை, அட்டை கிடைத்ததா என்பதை, விலக்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த மாநிலத்தவரானாலும் அரசு ஏற்கிறது. வருமானச் சான்று கேட்பதில்லை. ஆனால் 48 மணி நேரம் முடிந்தபின் அட்டை இருப்பவர் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாறுவார். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது சொந்தப் பணம் கட்ட வேண்டும். மூன்றாம் நாள் காலையில் பழைய தகுதி விதி மறுபடியும் வாசலுக்கு வந்துவிடுகிறது.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அந்தத் தொழிலாளி தினமும் சாப்பிட வேண்டிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைக் காப்பீட்டு அட்டை தொடர்ந்து வாங்கித் தராது. அதை அவர் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வாங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இதய நோயாளியின் மாத்திரைப் பட்டியல் அதைவிட நீளமானது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போய் வரிசையில் நிற்க முடியாதவர் மாத்திரையை நிறுத்துகிறார். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு அவர் மீண்டும் வந்தால், அதே அட்டை இன்னொரு பேக்கேஜுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கும்.