'பம்பர் டு பம்பர்' காப்பீடு: ஆண்டுக்கு 2 கிளெய்ம்தான் என்றால், மூன்றாவது விபத்துக்கு என்ன ஆகும்?

கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது 'ஜீரோ டெப்' போட்டுக்கோங்க, கையிலிருந்து ஒரு பைசா செலவாகாது என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். ஆனால் பல பாலிசிகளில் இந்த ஆட்-ஆனை ஒரு பாலிசி ஆண்டில் இரண்டு முறைதான் பயன்படுத்த முடியும். அதனால் எந்தச் சேதத்துக்கு கிளெய்ம் போடுவது, எதை விடுவது என்று முன்பே கணக்குப் பார்ப்பது நல்லது.

ஜீரோ டெப் எதை மிச்சப்படுத்துகிறது?

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், பழைய பாகத்தைக் கழற்றிப் புதியது மாட்டினால் அதன் முழு விலையும் கிடைக்காது. தேய்மானத்தைக் கழித்துத்தான் தருவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50% கழிவு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து மாறும். 3 முதல் 4 வயதுள்ள வண்டிக்கு 25%. பெயின்ட் பொருளுக்கும் 50% கழிவு உண்டு. பில்லில் அதைத் தனியாகக் காட்டாவிட்டால், மொத்த பெயின்டிங் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றரை வயதுள்ள 1,200 சிசி கார் ஒன்று முன்பக்கம் மோதியதாக வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000 ரூபாய், ஹெட்லைட் 10,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 7,000, பெயின்டிங் 8,000, கூலி 5,000. மொத்தம் 50,000 ரூபாய்.

இதில் தேய்மானம் எவ்வளவு? பம்பரில் 4,000, பிளாஸ்டிக் பாகமாகக் கருதப்படும் ஹெட்லைட்டில் 5,000, பானெட்டில் 3,000, பெயின்டில் 1,000. ஆக 13,000 ரூபாய். ஜீரோ டெப் இருந்தால் இந்த 13,000 உங்களுக்கு மிச்சம். ஆனாலும் கட்டாயப் பிடித்தத் தொகையான 1,000 ரூபாயை நீங்கள்தான் தரவேண்டும். 1,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் அது 2,000 ரூபாய். ஆக, 'ஒரு பைசா கூட இல்லை' என்பது சரியல்ல.

மூன்றாவது கிளெய்ம் நிராகரிக்கப்படுமா?

இல்லை. வரம்பு ஜீரோ டெப்புக்கு மட்டும்தான், அடிப்படை பாலிசிக்கு அல்ல. மேலே சொன்ன விபத்தே அந்த ஆண்டின் மூன்றாவது கிளெய்மாக வந்தால், 49,000 ரூபாய்க்குப் பதில் 36,000 கிடைக்கும். மீதி 14,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். பயன்படுத்தாத வாய்ப்பு அடுத்த ஆண்டுக்குச் சேராது.

சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடலாமா?

பின் பம்பர் உடைந்து, மாற்ற 10,000 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். பம்பர் 6,000, பெயின்டிங் 4,000. பிடித்தம் போக 9,000 கைக்கு வரும். லாபம் மாதிரி தெரிகிறது, இல்லையா? அந்த ஆண்டின் முதல் கிளெய்ம் இதுவானால், அடுத்த புதுப்பித்தலில் நோ கிளெய்ம் போனஸ் முழுவதும் போய்விடும். நான்கு ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் முடிந்தால் 45% தள்ளுபடி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்றால் 4,500 ரூபாய் இழப்பு. மறு ஆண்டு 20%-இலிருந்து ஏணியை மறுபடி ஏறவேண்டும். கிளெய்ம் போடாதிருந்தால் அப்போது 50% கிடைத்திருக்கும். இரண்டு ஆண்டுகளில் மட்டும் இழப்பு சுமார் 7,500 ரூபாய். 9,000-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு ஒரு ஜீரோ டெப் வாய்ப்பும் செலவாகிவிட்டது.

இதே பம்பர் இரண்டாவது கிளெய்ம் என்றால் கணக்கு வேறு. போனஸ் ஏற்கெனவே போய்விட்டதால் அந்த இழப்பு இல்லை. ஆனால் கடைசி ஜீரோ டெப் வாய்ப்பு இதில் போகும். இங்கே அது மிச்சப்படுத்துவது 3,500 ரூபாய்தான். பாலிசி முடிய பத்து மாதம் இருந்தால் யோசியுங்கள். பத்து நாள்தான் என்றால் தாராளமாகப் போடலாம்.

பழைய கீறல்களையும் ஒரே கிளெய்மில் சேர்த்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு சம்பவமும் தனி கிளெய்ம், தனி பிடித்தம். சேதங்கள் ஒரே மோதலில் வந்தவையா என்று சர்வேயர் பார்ப்பார். பொய்த் தகவல் கொடுத்தால் முழு கிளெய்மும் நிராகரிக்கப்படலாம்.

பாலிசியில் எங்கே பார்ப்பது?

கையில் இருக்கும் இரண்டு பக்க அட்டவணையில் ஆட்-ஆனின் பெயர் மட்டுமே இருக்கலாம். எண்ணிக்கை வரம்பு, அதற்கான தனி விதிமுறை ஆவணத்தில் இருக்கும். வரம்பே இல்லாத ஜீரோ டெப்பும் சில நிறுவனங்களில் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கிறது. வெள்ளத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் ஜீரோ டெப் உதவாது. அதற்கு என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும். ஆயில், நட்டு, போல்ட் செலவுக்கும் தனி ஆட்-ஆன்தான். பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் 'ஜீரோ டெப் இருக்கா?' என்று மட்டும் கேட்காமல், 'வருஷத்துக்கு எத்தனை தடவை?' என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.