கூரை தாழ்ந்த ஹாலும் இறகுப்பந்தும்

லண்டனுக்கு வெளியே ஒரு பழைய சர்ச் ஹால். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அதை வாடகைக்கு எடுத்து, நாங்கள் நாலைந்து பெற்றோர் சேர்ந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு இறகுப்பந்து கிளப் நடத்துகிறோம். முதல் நாள் தரையைக் கூட்டும்போது மரப்பலகையில் பதித்த இரண்டு பித்தளை மூடிகள் கண்ணில் பட்டன. திறந்து பார்த்தால் உள்ளே கம்பம் நடுகிற குழி. பக்கத்தில் தேய்ந்துபோன வெள்ளைக் கோடுகள். சாவி வைத்திருக்கிற பெரியவரைக் கேட்டேன். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் இங்கே வாரம் மூன்று நாள் இறகுப்பந்து நடந்ததாம். ஆடியவர்களுக்கு வயசாகி, ஒவ்வொருவராக நின்றுபோய்விட்டார்கள்.

ஆக நாங்கள் ஒன்றும் புதுசாகக் கொண்டுவரவில்லை. இந்த மாதிரி ஹால்களில்தான் இந்த ஆட்டமே வளர்ந்தது. அதைத் தோண்டப் போனதில் கிடைத்த விஷயங்களையும், எங்கள் ஹால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது.

ஆட்டத்துக்குப் பேர் வந்தது பேட்மின்டன் ஹவுஸ் என்கிற பிரபு மாளிகையிலிருந்து. விதிகள் உருவானதில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கு. புனே கன்டோன்மென்டில் ஆடியதால் ‘பூனா’ என்றே ஒரு பேர் இதற்கு உண்டு. திறந்தவெளியில் காற்றடித்தால் இறகு எங்கேயாவது போய்விடும். அதற்குப் பதிலாகக் கம்பளிப் பந்தை வைத்து ஆடினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வேரூன்றிய பூப்பந்து அந்தக் கம்பளிப் பந்து ஆட்டம்தான். பக்கத்துக்கு ஐந்து பேர், மைதானம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நான் பள்ளிக்கூடத்தில் ஆடியது அது. மஞ்சள் பந்து கையில் பட்டால் சுள்ளென்று இருக்கும்.

இங்கிலாந்தில் ஆட்டம் எதிர்த்திசையில் போனது. மழைக்கும் காற்றுக்கும் பயந்து கூரைக்குள் நுழைந்தது. 1893இல் சங்கம் தொடங்கினார்கள். 1899இல் நடந்த முதல் ஆல் இங்கிலாந்து போட்டி எங்கே தெரியுமா? லண்டனில் ராணுவத் தொண்டர் படையினர் அணிவகுப்புப் பழகுகிற டிரில் ஹாலில். இறகுப்பந்துக்கென்று அப்போது யாரும் கட்டடம் கட்டவில்லை. இருக்கிற ஹாலுக்குள் ஆட்டத்தைத் திணித்தார்கள்.

திணித்ததற்குத் தடயம் இருக்கிறது. 1901 வரைக்கும் ஆடுகளம் செவ்வகம் கிடையாது. உடுக்கை மாதிரி வலைக்கிட்டே ஒடுங்கி, பின்னால் அகன்று இருக்கும். அந்தக் காலத்தில் ஆடிய கூடத்தின் இரண்டு பக்கக் கதவும் உள்பக்கமாகத் திறக்கும், ஆட்கள் வந்துபோக வழிவிட இடுப்பைச் சுருக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, களம் அப்படி இருந்தது நிஜம். இன்றைய விதிப்புத்தகத்திலும் ஒரு மிச்சம் உண்டு. இறகு கூரையில் பட்டால் தவறு. ஆனால் கட்டட அமைப்பு காரணமாகத் தேவைப்பட்டால், இறகு தடையில் படுவதற்கு உள்ளூர்ச் சங்கம் தனி விதி வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உத்தரம் குறுக்கே ஓடுகிற ஹாலில் ஆடியவர்கள் விட்டுப்போன வரி அது என்றுதான் நான் படிக்கிறேன்.

இனி எங்கள் கதை. ஹால் 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உத்தரத்தின் அடிப்பாகம் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழு ஆடுகளம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். எனவே ஒரே ஒரு களம்தான் வரும். முன்னும் பின்னும் 1.3 மீட்டர் மிஞ்சும். பித்தளை மூடி இருக்கிறதே என்று அதிலேயே வலை கட்டி ஆரம்பித்துவிட்டோம்.

பிள்ளைகள் 22 பேர், எட்டு வயதிலிருந்து பதினாலு வரை. வலை கட்டவும் பிரிக்கவும் அரை மணி போய்விடும். மிச்சம் 90 நிமிடம். நாலு பேர் ஆடுகிற ஒரு ஆட்டம் சுமார் 15 நிமிடம் என்றால் மொத்தம் ஆறு ஆட்டம், 24 இடம். அதாவது ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு ஆட்டம். 15 நிமிடம் ஆட, ஒன்றேகால் மணி நேரம் சுவரோரம் உட்கார வேண்டும். இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஆபீஸில் நாளெல்லாம் இதே வேலை பார்க்கிறவன், இங்கே போடவில்லை. பிள்ளைகள்தான் போட்டுக் காட்டினார்கள். மூன்றாவது மாதத்தில் சுவரோரம் ஃபோன் முளைத்தது. அப்புறம் வருகை குறைந்தது. முதலில் நின்றது பெண்பிள்ளைகள். யாரும் குறை சொல்லிவிட்டுப் போகவில்லை, ‘சனிக்கிழமை வேற கிளாஸ் இருக்கு அங்கிள்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் தலைக்கு மேலே போன இறகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினான். பின்கோட்டுக்கு அப்பால் இருந்த 1.3 மீட்டரில் பாதியை, நாங்களே அடுக்கி வைத்திருந்த நாற்காலிகள் பிடித்திருந்தன. மணிக்கட்டு முறிந்தது. அவன் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். ‘விளையாட்டிலை நடக்கிறதுதானே தம்பி’ என்று என்னைத்தான் தேற்றினார். ஹால் கமிட்டி அப்படி விடவில்லை. இன்சூரன்ஸ் தாளைக் கேட்டார்கள். ஹாலுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றேன். அது கட்டடத்தில் குறை இருந்து யாராவது அடிபட்டால் அவர்களைக் காப்பது; வாடகைக்கு எடுத்தவர் நடத்துகிற ஆட்டத்தில் அடிபட்டால் வாடகைக்கு எடுத்தவர்தான் பொறுப்பு என்று ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். என் கையெழுத்து கீழே இருந்தது. படிக்காமல் போட்டது. பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் எடுக்கிற வரை மூன்று வாரம் கிளப் பூட்டு.

அந்த மூன்று வாரத்தில்தான் உடுக்கை வடிவக் களத்தைப் பற்றிப் படித்தேன். ஹாலுக்காகக் களத்தை மாற்றியவர்கள் அவர்கள். நாங்கள் களத்துக்காகப் பிள்ளைகளைச் சுவரில் மோதவிட்டுக்கொண்டிருந்தோம்.

திறந்ததும் வலையைத் திருப்பிப் போட்டோம். குறுக்கே கட்டாமல், ஹாலின் நீளவாக்கில் 16 மீட்டருக்கு ஒரே கயிறு, அதில் ரிப்பன் தொங்கல். இப்போது இரண்டு பக்கமும் நாலரை மீட்டர் ஆழம். சுவரோரம் ஒரு மீட்டர் விட்டுவிட்டால் ஆடுவதற்கு மூன்றரை. நீளத்தில் ஐந்து மீட்டர் அகலத்தில் மூன்று குட்டிக் களம், இடையில் அரை மீட்டர் இடைவெளி. களத்துக்கு நாலு பேர் என்று ஒரே நேரத்தில் 12 பேர் ஆடலாம். நாற்காலி முழுக்க மேடை மேல் ஏறியது. கோட்டுக்கு டேப் ஒட்டினால் தரை வார்னிஷ் பெயர்ந்து வரும் என்று ஹாலில் தடை, அதனால் ரப்பர்ப் பட்டைகளைத் தரையில் போட்டு எடுக்கிறோம்.

முதல் வாரம் இரண்டு முனையில் மட்டும் கம்பம் வைத்தோம். கயிறு நடுவில் ஒரு சாணுக்கு மேல் தொய்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் நடுக் களமே வேண்டும் என்று சண்டை போட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அங்கேதான் வலை தாழ்வு! இழுத்துக் கட்டினால் கம்பம் சாய்கிறது. கடைசியில் களங்களுக்கு இடையில் இரண்டு கம்பம் சேர்த்தோம். இப்போது ஒவ்வொரு துண்டும் ஐந்து மீட்டர் சொச்சம், அசல் வலையைவிடச் சற்றுக் குறைவுதான்.

முதல் ஒரு மணி நேரம் குட்டிக் களம், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். ஜெயித்தவர்கள் ஒரு களம் மேலே, தோற்றவர்கள் கீழே. ஆடாத பத்துப் பேரில் மூன்று பேர் நடுவர், மிச்சப் பேருக்கு மேடையில் கேரம். ஒரு பிள்ளைக்கு ஆட்ட நேரம் சராசரி 33 நிமிடம், முன்பைவிட இரண்டு மடங்கு. கடைசி அரை மணி பெரிய பிள்ளைகளுக்குப் பித்தளை மூடியில் முழுக் களம், சின்னவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

நடுவர் வேலையில் எதிர்பாராத லாபம் ஒன்று. புள்ளியைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். பலருக்குப் பத்து வரைக்கும்தான் தெரியும். 2006இல் உலக விதி 21 புள்ளிக்கு மாறியது எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. குட்டிக் களத்தில் எட்டு நிமிடத்தில் மணி அடித்துவிடும்; ஆனால் முழுக் களத்தில் பத்தொன்பதும் இருபத்தொன்றும் வாயில் வந்தே ஆக வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், ‘இதை நாங்கள் ஒரு வருஷமாய்ச் சொல்லிக்கொடுத்தம்’ என்று சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. தாழ்ந்த கூரை ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. உயரத் தூக்கி அடித்தால் உத்தரத்தில் படும் என்பதால் பிள்ளைகள் எல்லாவற்றையும் தட்டையாக, வேகமாக அடிக்கப் பழகிவிட்டார்கள். எங்கள் ஹாலில் சூரர்கள். முதன்முதலாக ஒரு விளையாட்டு அரங்கில் வேறு கிளப்போடு ஆடப்போனபோது, எதிரணி இறகைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்கோட்டில் போட்டது. நம் பிள்ளைகள் களத்தின் நடுவிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பின்னால் ஓடத் தெரியாமல் நிற்கிறார்கள் என்றால் வீட்டு ஹாலின் கூரைதான் காரணம் என்று இப்போது பார்த்த உடனே சொல்லிவிடுவேன். அதனால் மாதம் ஒருமுறை அரங்கில் இரண்டு களம் ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, உயர அடிப்பதை மட்டும் பழக்குகிறோம். அந்தக் காசுக்காகக் கேரம் போட்டி நடத்த வேண்டியிருக்கிறது.

விதிப்புத்தகம் இடம் தருகிறதே என்று எங்களுக்கும் ஒரு உள்ளூர் விதி உண்டு. உத்தரத்தில் பட்டால் முதல் தடவை மறுபடி ஆடலாம், அதே ஆட்டத்தில் அடுத்த தடவை பட்டால் புள்ளி போகும். பழைய கிளப்பில் என்ன விதி வைத்திருந்தீர்கள் என்று சாவிப் பெரியவரைக் கேட்டேன். கிட்டத்தட்ட இதேதான் சொன்னார்.

மணிக்கட்டு முறிந்த பையன் திரும்பி வந்துவிட்டான். நின்றுபோன பெண்பிள்ளைகளில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வரவில்லை.