பியானோவின் தீராத எச்சம்: இயற்கைச் சுருதியும் சமப் பகுப்பும்

முன்னுரை

பியானோ சமப் பகுப்பு முறையில் சுருதி சேர்க்கப்படும் கருவி என்றும், அம்முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைபெற்றது என்றும் இசை வரலாற்று நூல்கள் பொதுவாகக் கூறிச் செல்கின்றன. இக்கூற்றில் விதியும் நடைமுறையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சமப் பகுப்பைக் காகிதத்தில் கணக்கிடுவது ஒன்று. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளில் அதனைச் செவியால் நிறுவுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

எச்சத்தின் கணக்கு

இரு சுரங்களின் அதிர்வெண்கள் எளிய முழு எண் விகிதத்தில் அமைந்தால் அவை விம்மலின்றி இணைந்து ஒலிக்கின்றன. ஸ்தாயிக்கு 2:1, சட்சமத்திலிருந்து பஞ்சமத்திற்கு 3:2, அந்தர காந்தாரத்திற்கு 5:4 என்பன அவ்விகிதங்கள். இவற்றை அப்படியே கொள்வது இயற்கைச் சுருதி முறை. ஒரு பாடகர் தம்புராவுக்கு இணங்கப் பாடும்போது இதில் இடர் எதுவும் இல்லை. ஆதார சுருதி மாறுவதில்லை. சுரங்கள் முன்கூட்டியே நிலைநிறுத்தப்பட்டு, எந்தச் சுரமும் ஆதாரமாகக்கூடிய விசைப்பலகைக் கருவியில்தான் இடர் தோன்றுகிறது.

ஒரு சுரத்திலிருந்து பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால் தொடங்கிய சுரமே ஏழு ஸ்தாயி மேலே கிட்ட வேண்டும். கிட்டுவதில்லை. 3/2 என்பதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது, 2ஐ ஏழு முறை பெருக்கினால் 128. மூன்றின் அடுக்கு எதுவும் இரண்டின் அடுக்குக்குச் சமமாகாது ஆதலின், எத்தனை முறை ஏறினாலும் இவ்வட்டம் மூடாது. காந்தாரத்தின் வழியே சென்றால் பிழை எதிர்த்திசையில் விழுகிறது. 5/4ஐ மூன்று முறை பெருக்கினால் 125/64. ஒரு ஸ்தாயிக்கு வேண்டியதோ 128/64. ஓர் அரைச்சுரத்தை நூறு சென்ட் எனக் கொண்டால் முதல் வழியில் ஏறத்தாழ 23 சென்ட் மிகுகிறது. இரண்டாம் வழியில் 41 சென்ட் குறைகிறது. ஸ்தாயியையும் பஞ்சமங்களையும் காந்தாரங்களையும் ஒருசேரத் தூய்மையாக வைத்தல் பன்னிரு சுரப் பலகையில் இயலாது.

தமிழிசை ஆய்வாளர்க்கு இவ்வெச்சம் புதியதன்று. தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், மூன்றில் இரண்டு என்னும் அளவைத் தொடர்ந்து கொண்டுசென்றால் சுரச்சக்கரம் முடிவுறாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டி, ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டாகவும் இருபத்து நான்காகவும் பகுப்பதே பழந்தமிழ் முறை என வாதிட்டார். அவ்வாதத்தின் வரலாற்றுப் பகுதி தனி ஆய்வுக்குரியது. கணக்கோ மறுக்கவியலாதது.

எச்சம் இடம் மாறிய வரலாறு

எச்சத்தை நீக்க இயலாதபோது அதனை எங்கே வைப்பது என்பதே வினாவாகிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய விசைப்பலகைகளில் பரவியிருந்த மீன்டோன் முறை, காந்தாரங்களின் தூய்மையைக் காத்து, அதற்காகப் பஞ்சமங்களைச் சிறிது குறுக்கியது. அம்முறையின் கறாரான வடிவில் பன்னிரண்டு காந்தாரங்களுள் எட்டு முற்றிலும் தூயவை. எஞ்சிய நான்கும் தூய அளவினும் 41 சென்ட் மிகுந்தவை; ஒரு பஞ்சமமோ செவி பொறாத அளவுக்கு விரிந்தது. அதன் ஊளை போன்ற ஒலியால் அதற்கு ‘ஓநாய்’ என்றே பெயர். இசையமைப்போர் அவ்விடங்களைத் தவிர்த்து எழுதினர். பின்னர் வந்த சமமற்ற பகுப்புகள் ஓநாயைப் பல பஞ்சமங்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. பாக் 1722இல் தொகுத்த இருபத்து நான்கு சுருதிநிலைத் தொகுதி சமப் பகுப்புக்காக எழுதப்பட்டது என்னும் பரவலான நம்பிக்கைக்கு அதன் தலைப்பு சான்றாகாது. எல்லாச் சுருதிநிலைகளும் வாசிக்கத்தக்கவை என்பதே அத்தலைப்பின் பொருள். அவை யாவும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதன்று.

சமப் பகுப்பு, பஞ்சமம் ஒவ்வொன்றையும் இரண்டு சென்ட் மட்டும் குறுக்குகிறது. அதன் விலையைக் காந்தாரம் செலுத்துகிறது: ஒவ்வொன்றும் தூய அளவினும் 14 சென்ட் மிகை. லண்டனின் பிராட்வுட் நிறுவனம் 1846இல் ஹிப்கின்ஸ் என்பாரின் முயற்சியால் தன் பியானோக்களுக்கு இம்முறையை ஏற்றது. நூல்கள் குறிக்கும் ‘நடுப்பகுதி’க்கு இதுவே முதன்மைச் சான்று. ஆயினும் அதே நிறுவனத்தின் தேர்ந்த சுருதி சேர்ப்போர் அமைத்த பியானோக்களை அலெக்சாண்டர் எல்லிஸ் அளந்து, ஹெல்ம்ஹோல்ட்சு நூலின் தம் மொழிபெயர்ப்பில் 1885இல் வெளியிட்ட அளவுகள் துல்லியமான சமப் பகுப்பாக இல்லை. சுரங்கள் சில சென்ட் அளவுக்கு இங்குமங்கும் விலகியிருந்தன. பெயர் மாறிய நாளிலேயே ஒலியும் மாறிவிடவில்லை என்பதற்கு இதனினும் நேரான சான்று தேவையில்லை.

செவியும் விம்மலும்

விலகலுக்குக் காரணம் திறமைக் குறைவன்று. தூய பஞ்சமத்தைச் செவி தானே கண்டுகொள்ளும். விம்மல் நிற்கும் இடமே அதன் இடம். இரண்டு சென்ட் குறைந்த பஞ்சமத்துக்கு அத்தகைய அடையாளம் இல்லை. விம்மலை எண்ணுவதால் மட்டுமே அதனை அடைய இயலும். நடு ஏ சுரத்தை 440 எனக் கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழுள்ள 220லிருந்து மேல்நோக்கி இ சுரத்தைச் சேர்க்கும்போது, நான்கு நொடிக்கு ஏறத்தாழ மூன்று விம்மல் எழ வேண்டும். இவ்வளவு மெல்லிய அசைவில் சிறு பிழை எளிதில் மறையும்; பன்னிரண்டு பஞ்சமங்களில் அது குவிந்து இறுதியில்தான் வெளிப்படும்.

ஆகவே காந்தாரங்களைக் கொண்டு சரிபார்க்கும் முறை உருவாயிற்று. 220க்குக் கீழுள்ள எஃப், ஏ ஆகிய இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்கு ஏறத்தாழ 6.9 விம்மல், அரைச்சுரம் மேலேறினால் 7.3, மேலும் ஓர் அரைச்சுரம் ஏறினால் 7.8. இவ்வேகம் படிப்படியாக உயர வேண்டும். ஓரிடத்தில் தேங்கினாலோ குதித்தாலோ அங்கே ஒரு சுரம் பிழை. விம்மல் வேகங்களை இவ்வாறு முறைப்படுத்திய கையேடாக பிரெய்டு ஒயிட்டின் நூல் 1917இல் வெளிவந்தது. உண்மையான சமப் பகுப்பு அதன் பின்னரே நடைமுறைக்கு வந்தது என ஓவன் ஜார்கன்சன் 1991இல் வாதிட்டார். ஒரே ஆண்டை எல்லையாக நிறுத்துவது மிகையாகத் தோன்றலாம். எனினும் எல்லிஸின் அளவுகள் அவர் பக்கமே நிற்கின்றன.

கம்பியின் விறைப்பு

இவ்வளவு செய்தும் பியானோ தன்னோடு தான் இணங்குவதில்லை. மேற்கண்ட கணக்கு, கம்பியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான இருமடங்கு, மும்மடங்கு எனக் கொள்கிறது. எஃகுக் கம்பி விறைப்புடையது. அவ்விறைப்பால் மேற்சுரங்கள் உரிய இடத்தினும் சிறிது உயர்ந்து ஒலிக்கின்றன. மேலே செல்லச் செல்ல அவ்வுயர்வு மிகுகிறது. ஆகவே மேல் ஸ்தாயிச் சுரத்தைக் கீழ்க்கம்பியின் இரண்டாம் ஒலியோடு விம்மலின்றிச் சேர்க்க, அதனை 2:1க்கும் சற்று மேலே இழுக்க வேண்டியுள்ளது. ரெயில்ஸ்பேக் 1938இல் காட்டிய வளைகோட்டில், செவியால் சேர்க்கப்பட்ட பியானோக்களின் உச்சச் சுரங்கள் கணக்கினும் உயர்ந்தும் அடிச்சுரங்கள் தாழ்ந்தும் இருப்பது தெரிகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கீழ்க்கம்பியின் இரண்டாம் ஒலியும் மேற்கம்பியின் முதல் ஒலியும் பொருந்துமாறு ஸ்தாயியை அமைத்தால், கீழ்க்கம்பியின் நான்காம் ஒலியும் மேற்கம்பியின் இரண்டாம் ஒலியும் பொருந்துவதில்லை. ஒரே ஸ்தாயிக்குள் ஒரு பொருத்தத்தை வென்றால் மற்றொன்று விம்முகிறது. சிறிய பியானோவின் அடிக்கம்பிகள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதால் அங்கே இவ்விலகல் மிகுதி. நீண்ட கம்பிகளையுடைய கச்சேரிப் பியானோவில் குறைவு. பன்னிரு சுரக் கணக்கில் பஞ்சமமும் காந்தாரமும் விட்டுக்கொடுத்தன. ஸ்தாயி மட்டும் தூயதாக நின்றது. கம்பியில் அதுவும் நிற்பதில்லை. எந்தப் பொருத்தத்தை விடுவது என்பதை ஒவ்வொரு கருவியிலும் சுருதி சேர்ப்பவர் புதிதாகத் தீர்மானிக்கிறார்.