மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் வாசல்

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்தில் தாலி கட்டுதலே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரு குடும்பங்களுக்கிடையேயான உறவு நன்றாய்த் தொடங்குகிறதா, மனக்கசப்போடு தொடங்குகிறதா என்பது அதற்கு முன்னரே வாசலில் தெரிந்துவிடும். ‘வாசலிலை வா எண்டு சொல்ல ஒரு ஆளில்லை’ என்ற குறை, பேரப்பிள்ளைகள் பிறந்த பின்னரும் பேசப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த வாசலில் நடப்பவற்றை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் உண்டு. நெல் அல்லது அரிசி பரப்பி, அதன்மேல் மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம் இருக்கும். அதன் இரு பக்கமும் குத்துவிளக்குகள் எரியும். அருகில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு ஆகியன தயாராக இருக்கும். மேளம் முன்னே வர, பெண் வீட்டாரின் தோழன் அழைத்துவர, மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்பார். கூறைத் தட்டமும் ஏனைய தட்டங்களும் ஏந்திய பெண்கள் பின்னால் நிற்பர்.

முதலில் கால் கழுவுதல். பெண்ணின் சகோதரன் செம்பிலே நீர் எடுத்து மாப்பிள்ளையின் பாதங்களைக் கழுவித் துடைப்பான். மாப்பிள்ளை அவனுடைய விரலில் ஒரு மோதிரத்தை அணிவிப்பார். அடுத்துப் பெண்ணின் தந்தையார் மாப்பிள்ளைக்கு மாலையிடுவார். பின்னர் சுமங்கலிகள் இருவர் எதிரெதிரே நின்று ஆலாத்தித் தட்டை ஏந்துவர். வாழைப்பழத்தை மூன்று துண்டாக வெட்டி, நெய்யில் தோய்த்த திரிகளை அவற்றில் செருகி ஏற்றிய தட்டு அது. அதை வலஞ்சுழியாக மூன்று முறை சுற்றுவர். அதன் பின்னரே எல்லோரும் உள்ளே செல்வர்.

இவற்றுள் மிகப் பழமையானது கால் கழுவுதல்தான். வடமொழிக் கிருஹ்ய சூத்திரங்கள், வீட்டுக்கு வரும்போது சிறப்பு உபசாரம் பெறத் தகுதியுடையோரென ஆசிரியர், அரசர் முதலியோரைச் சொல்லுமிடத்தில் மணமகனையும் சேர்த்துச் சொல்கின்றன. அவருக்கு இருக்கை தருதலும், பாதத்துக்கு நீர் தருதலும், தேனும் தயிரும் கலந்த மதுபர்க்கம் தருதலும் அவ்வுபசாரத்தின் படிகள். நம்மவர் வாசலில் மதுபர்க்கம் இல்லை. நீர் மட்டும் நிலைத்துவிட்டது. மாட்டுவண்டியிலும் நடையிலுமாகப் புழுதி ஒழுங்கைகளைக் கடந்து வந்தவருக்கு அது வெறும் சடங்காக மட்டும் இருந்திராது.

கழுவிய பாதம் மண்ணிற் படலாகாது என்பதற்காகவே நிலபாவாடை விரிக்கப்பட்டது. சலவைத் தொழிலாளர் வெள்ளைத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக்கொண்டு போக, மாப்பிள்ளை அவற்றின்மேல் நடந்து செல்வார். இதைப் பழமையின் அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. துணி விரிப்பதைக் குடிமைக் கடமையாகச் செய்யவேண்டியிருந்தவர்களின் திருமணத்தில், அதே துணியை விரிக்கவும் மேளத்தோடு வரவும் ஊர் இடங்கொடாத காலம் ஒன்று இருந்தது. வாசலில் யார் எப்படி வரவேற்கப்படலாம் என்பதைச் சாதியும் தீர்மானித்தது.

மோதிரத்தின் பொருளையும் கவனிக்கவேண்டும். காலைத் தொடுபவன் தாழ்கிறான். மோதிரம் அணிவிக்கும்போது அவன் மச்சான் என்ற நிலைக்கு உயர்த்தப்படுகிறான். சீதனத்தைப் பொறுத்தவரை பெண் வீட்டாரே கொடுப்பவர்கள். வாசலில் மட்டும், உள்ளே நுழையுமுன்னரே, மாப்பிள்ளையும் ஒன்றைக் கொடுத்தாகவேண்டும். இந்தச் சிறு சமநிலைக்காகவே மோதிரத்தை மறந்து வந்தவர்கள் ஏளனத்துக்கு ஆளானார்கள்.

சொற்கள் மிகக் குறைவு. ‘வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ’ என்பதுதான் முழு உரையும். ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் சொல்லவேண்டும். பெண்ணின் தந்தை மாப்பிள்ளையின் தந்தையைக் கைகூப்பி அழைப்பார், தாய் தாயை அழைப்பார். சொல்லக்கூடாதவையும் உண்டு. எவ்வளவு நேரம் பிந்தி வந்தாலும் ‘ஏன் சுணங்கிப்போச்சு?’ என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் அழைக்கப்படும் வரையில் படியைத் தாண்டுவதில்லை.

தாயே தாயை அழைக்கவேண்டும் என்ற இந்த ஒழுங்கு, தாய் கைம்பெண்ணாக இருக்குமிடத்தில் முறிந்துவிடும். 1996 ஆம் ஆண்டு கொழும்பில் நான் சென்றிருந்த ஒரு திருமணத்தில் இதைக் கண்டேன். பெண் வீட்டார் 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள். தந்தை முன்னரே காலமாகிவிட்டார். ஒரே அண்ணன் ஜேர்மனியில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருந்தார். திரும்பி வர வழியில்லை. ஊரில் என்றால் வீட்டு முற்றத்துப் பந்தலில், இரவு முகூர்த்தத்தில் நடந்திருக்கவேண்டிய திருமணம், வாடகை மண்டபத்தில், பகலில் நடந்தது. ஊரடங்குக் காலங்களுக்குப் பின்னர் இரவுத் திருமணம் அரிதாகிவிட்டிருந்தது.

வாசலில் நிற்கவேண்டியவர்களின் இடத்தை வேறு ஆட்கள் நிரப்பினார்கள். மாலையைப் பெரியப்பா இட்டார். கால் கழுவச் சித்தப்பாவின் ஒன்பது வயது மகன் வந்தான். செம்பைச் சரித்த வேகத்தில் மாப்பிள்ளையின் வேட்டிக் கரையும் நனைந்தது. மோதிரம் பெரிதாக இருந்தது. விரலில் நில்லாத அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவன் ஓடிவிட்டான். மாமிமார் இருவர் ஆலாத்தி எடுத்தனர். எல்லாம் முறைப்படியே நடந்தன.

தாயார் மட்டும் வாசலில் இல்லை. மண்டபத் தூண் ஒன்றின் பின்னால் நின்றார். அவரை நிற்கவேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, அவரே விலகிக்கொண்டார்.

ஆலாத்தி முடிந்து, பெரியப்பா ‘வாங்கோ’ என்று கூப்பிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் அசையவில்லை. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், அதிகம் பேசாதவர். ‘பிள்ளையின்ரை அம்மா எங்கை?’ என்று கேட்டார். பதில் வரவில்லை. எவரோ தூணின் பக்கம் பார்த்தார்கள். ‘அவ வந்து சொல்லட்டும். சொன்னாப்பிறகு வாறம்’ என்றார். மேளகாரர் வாசிப்பை நிறுத்தவா தொடரவா என்று தெரியாமல் தாளத்தை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வந்தார். நிறைகுடத்துக்கு முன்னால் வராமல் ஒரு பக்கமாக நின்றார். ‘வாங்கோ’ என்றார். இரண்டாவது முறை சொல்லக் குரல் வரவில்லை. மாப்பிள்ளையின் தாயார் முன்னே சென்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். பின்னால் இருந்த முதியவர்களுள் ஓரிருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

அன்று அவர் எந்த வழக்கத்தையும் ஒழித்துவிடவில்லை. மாறாக, அழைக்காமல் உள்ளே செல்வதில்லை என்ற பழைய விதியையே அவர் பற்றிக்கொண்டார். அழைக்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரி என்பதையும் நினைவூட்டினார். ஒரு வழக்கத்தைக் கொண்டே இன்னொரு வழக்கத்தை அவர் விலக்கினார்.

இன்றைய மண்டபங்களில் நிலபாவாடை இல்லை, சிவப்புக் கம்பளம் உண்டு. கால் கழுவுதல் படப்பிடிப்பாளர் கேட்டால் மறுமுறையும் நடக்கிறது. பன்னீர் தெளிக்க ஒரே நிறச் சேலையில் சிறுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். இவற்றில் எனக்குக் குறையில்லை. ஆயினும் ஒவ்வொரு திருமணத்துக்கும் போகும்போது என் கண் முதலில் தூண்களின் பக்கமே போகிறது. அங்கே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போகிறேன்.